சித்தியின் நாலு வரி

தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் லட்டு உருள ஆரம்பித்துவிடும். 'வீட்டு முறை ஸ்வீட் பாக்ஸ், ஆர்டருக்கு அணுகவும்!' என்று ஒரு வரி. எப்போது வரை? எந்த ஏரியா? பணம் எப்படி? மூச்!

நங்கநல்லூரில் இருக்கும் என் சித்தியும் 2024-ல் அப்படித்தான் போட்டாள். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் வரை ஆர்டர் வந்தது. 'அண்ணா நகருக்கு அனுப்புவீங்களா மாமி?' என்று வேறு. தி.நகர் நெரிசலைத் தாண்டி ஸ்கூட்டரில் லட்டோடு போய்ச் சேர்ந்தால் அது பூந்தியாகியிருக்கும்!

2025-ல் சித்தி உஷார். பண்டிகை அக்டோபர் 20, திங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினாள். 18, 19 டெலிவரி. 16, 17 அடுப்பு. 13 முதல் 15 வரை நெய், கடலை மாவு, அட்டைப்பெட்டி வாங்கணும். ஆக, ஆர்டர் 12-ஆம் தேதி ராத்திரியோடு சரி. பால்கோவா கேட்டவர்களுக்கு 'நோ'. வெளியில் வைத்தால் அதிக நாள் தாங்காது. இந்தக் கணக்குக்கு ஒத்து வராது.

அடுத்தது முன்பணம். எல்லோரும் 'பாதி' என்பார்கள். இங்கேதான் பி.காம். படித்த எனக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது. பெட்டி 450 ரூபாய். சரக்கு 250, அட்டை 30. ஆக, கையைவிட்டுப் போவது 280. பாதி என்று 225 வாங்கினால், ஆள் கைவிரித்த பெட்டிக்கு 55 ரூபாய் நஷ்டம், உழைப்பு தனி. அதனால் முன்பணம் 300 என்று வைத்தோம்.

சித்தி போட்டது இதுதான்:

"தீபாவளிப் பெட்டி, அரை கிலோ, ரூ.450. மைசூர்பாகு, லட்டு தலா 200 கிராம், மிக்சர் 100 கிராம்.
ஆர்டர் அக்டோபர் 12, ஞாயிறு இரவு 9 மணி வரை. 40 பெட்டி நிறைந்தால் முன்பே முடியும். அதன்பின் ரத்து இல்லை.
டெலிவரி 18, 19: நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் மட்டும். மற்றவர்கள் வீட்டில் வந்து வாங்கலாம்.
முன்பணம் ரூ.300, ஜிபே. குறிப்பில் உங்கள் பெயர், எத்தனை பெட்டி என்று எழுதவும். மீதி பெட்டி கைக்கு வரும்போது."

அந்தக் 'குறிப்பு' விஷயம் சும்மா இல்லை. ஆர்டர் கொடுப்பது மாமி. பணம் வருவது பெங்களூர் பிள்ளையின் கணக்கிலிருந்து! யார் பணம் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் சாம்புதான் வரணும். இன்னொன்று, 'அனுப்பிட்டேன்' என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பக் கூடாது. பழைய ரசீதில் தேதியை மாற்றி அனுப்பும் புண்ணியவான்களும் உண்டு. தன் பேங்க் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்துத்தான் சித்தி நோட்டில் டிக் அடித்தாள்.

11-ஆம் தேதி சாயங்காலமே நாற்பதும் நிறைந்தது. சித்தி உடனே ஸ்டேட்டஸின் மேலே 'ஆர்டர் முடிந்தது' என்று சேர்த்தாள். அப்படியும் 19-ஆம் தேதி ஒரு போன்: "மாமி, ஒரே ஒரு பெட்டி..."

"தேதியைப் படிச்சேளோ?" என்றாள் சித்தி.