லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு கடைசிக் கடிதம்

24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் மாதம் இரண்டு முறையாவது நின்றுவிடுகிறது. பழுதுபார்க்க ஆள் வர மூன்று நாளாகிறது. பொறுத்துப் பார்த்த சங்கச் செயலாளர், மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார்: "அடுத்த மாசத்துல இருந்து வர வேண்டாம் தம்பி." பணம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒப்பந்தத்தில் எழுத்துமூலம் அறிவிப்பு என்று இருந்தால், மெக்கானிக்குக்குப் போன செய்தியை நிறுவனம் அறிவிப்பாக ஏற்காது.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, முடித்துக்கொள்வது பற்றிய பிரிவைப் படிக்க வேண்டும். எத்தனை நாள் அறிவிப்பு, எந்த முகவரிக்கு, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றும் பெரும்பாலும் அங்கே இருக்கும். 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்றிருந்தால் நடுவில் விலகுவது நஷ்டம். ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் முன் நிறுத்துவதே நல்லது.

இந்தக் குடியிருப்பின் ஒப்பந்தம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. கட்டணம் 72,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, எல்லாம் முன்கூட்டியே கட்டியாயிற்று. அறிவிப்புக் காலம் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். மீதிப் பணம் திரும்ப உண்டு. கடிதம் ஆகஸ்ட் 31 அன்று கிடைத்தால், அந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். செப்டம்பர் 30 கடைசி நாள். ஆறு மாதக் கட்டணம் 36,000, ஜிஎஸ்டி 6,480, ஆக 42,480 ரூபாய் வர வேண்டும். சங்கம் தர வேண்டிய பழைய உதிரிபாக பில் 4,720 ரூபாயைக் கழித்தால் மீதி 37,760.

கடிதத்தில் கோபம் வேண்டாம், இந்தக் கணக்கு போதும்:

"ஒப்பந்தத்தின் முடிவுப் பிரிவின்படி 30 நாள் அறிவிப்பு தருகிறோம். செப்டம்பர் 30-உடன் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை வழக்கமான பராமரிப்பைத் தொடரவும். பாக்கியைக் கழித்து 37,760 ரூபாயை, கணக்கு விவரத்துடனும் ஜிஎஸ்டி கிரெடிட் நோட்டுடனும் 15 நாளுக்குள் அனுப்பவும்."

ஒப்பந்த எண், தேதி, பிரிவு எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் சேர்த்து, தபாலில் பட்டுவாடா அத்தாட்சியுடனும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். நிறுவனம் பேச்சை மாற்றினால் கைகொடுப்பது அந்த அத்தாட்சிதான். பழைய பில்லைச் சங்கமே கழித்துக் காட்டுவதிலும் ஒரு பயன் உண்டு. 'பாக்கி இருக்கிறது' என்று சொல்லி மொத்தத்தையும் நிறுத்திவைக்க இடமிருக்காது.

பணத்தைவிட எளிதில் மறந்துபோவது ஒப்படைப்பு. லிஃப்ட் கதவுச் சாவி, மெஷின் ரூம் சாவி, சர்வீஸ் பதிவேடு, கன்ட்ரோலரின் பாஸ்வேர்டு எல்லாம் செப்டம்பர் 30-க்குள் கைக்கு வர வேண்டும். பாஸ்வேர்டு இல்லாவிட்டால் புதிய நிறுவனத்தால் பல வேலைகளைத் தொடக்கூட முடியாமல் போகலாம்.

'கணக்கு முழுவதும் தீர்ந்தது' என்ற தாளை நிறுவனம் நீட்டும்போது, 37,760 ரூபாய் வங்கியில் ஏறிய பிறகே செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும்.