பத்து ஆர்டர், இரண்டு ரிட்டர்ன்

கரூரில் சிறிய தறிக்கூடம் வைத்திருக்கும் ஒருவர் அமேசானிலோ ஃப்ளிப்கார்ட்டிலோ பெட்ஷீட் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. போக விலை 600 ரூபாய். துணியும் தையலும் 370, பேக்கிங் 15. கமிஷன், ஆர்டர் கட்டணம், கூரியர், இவற்றின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 140. மிஞ்சுவது 75 ரூபாய். தளத்துக்குத் தளம் தொகை மாறும். கணக்கின் போக்கு இதுதான்.

பத்தும் விற்று நின்றால் 750 ரூபாய் லாபம். இரண்டு திரும்பி வந்தால்? போக வர கூரியர் செலவும் கிழிந்த பேக்கிங்கும் விற்றவர் தலையில் விழுந்து, ஒன்றுக்கு 150 ரூபாய் போகும். எட்டு விற்பனையின் 600 ரூபாயில் 300 கரைந்துவிடுகிறது. நான்கு திரும்பினால் கைக்காசு போகும்.

ஏன் திரும்புகிறது? பெரும்பாலும் காரணம் லிஸ்டிங்கிலேயே இருக்கும். 90-க்கு 100 அங்குல விரிப்புக்கு ‘கிங் சைஸ்’ என்று தலைப்புப் போட்டால் தேடலில் நன்றாகத்தான் வரும். வாங்கியவரின் கட்டில் 72 அங்குல அகலம், மெத்தை 8 அங்குல உயரம். இரு பக்க உயரத்தையும் கூட்டினால் 88. செருகுவதற்குப் பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான்! இரவில் புரண்டு படுத்தால் விரிப்பு கழன்றுவிடும். பருத்தி என்றால் முதல் சலவையில் சுருங்கி அந்த ஓர் அங்குலமும் போகும். 108 அங்குலம் இருந்தால் பக்கத்துக்குப் பத்து அங்குலம் கிடைக்கும். ஆகவே அளவை அங்குலத்தில் தலைப்பிலேயே எழுதி, எத்தனை அங்குல மெத்தைக்குப் பொருந்தும் என்பதைப் படத்தில் காட்டுவதே நேர்மை, லாபமும்கூட.

ஒரு நட்சத்திர விமர்சனமும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. நண்பர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது தளங்களின் விதிக்கு விரோதம்; கணக்கே முடங்கலாம். இணைய விமர்சனங்களுக்கென்று 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 தரநிலையை வெளியிட்டிருக்கிறது. ‘துணி மெல்லிசு’ என்று நாலு பேர் எழுதினால், துணியின் ஜி.எஸ்.எம். எடையை லிஸ்டிங்கில் சேர்ப்பதுதான் பதில்.

கூரியரில் இன்னொரு ஓட்டை உண்டு. பார்சலின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ, அதற்குத்தான் கட்டணம். ஒரு கிலோ விரிப்பை 40, 30, 10 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் 2.4 கிலோ ஆகிவிடும். இறுக்கி மடித்துக் கூரியர் பையில் போட்டால் ஒரு கிலோவோடு நிற்கும்.

திரும்பி வரும் பார்சலில் பழைய துணி இருப்பதும் நடக்கிறது. பேக் செய்வதையும் பிரிப்பதையும் லேபிள் தெரிய வீடியோ எடுத்து, தளம் தரும் கெடுவுக்குள் புகார் செய்யுங்கள். கெடு தாண்டினால் வீடியோ இருந்தும் பணம் கிடைப்பது கடினம்.