விழுங்கப்படும் ஒரு ‘ட்’

ஆங்கிலத்தில் மூடுபனிக்கும் ‘மிஸ்ட்’தான், தவறவிட்டேன் என்பதற்கும் ‘மிஸ்ட்’தான். எழுத்துக்கூட்டல் வேறு, ஒலி ஒன்று. பேச்சுவாக்கில் இரண்டிலுமே கடைசி ‘ட்’ சில சமயம் ஒலிக்கும், சில சமயம் விழுந்துவிடும். ஆனால் பனியின் ‘ட்’ கூடுதலாக விழுகிறது. இறந்தகாலம் காட்டும் ‘ட்’ அதைவிடத் தாக்குப்பிடிக்கிறது. கிரிகரி கை 1980-இல் வெளியிட்ட ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன.

இலக்கணம்தான் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. அடுத்து வரும் ஒலிக்கும் இதில் பங்கு உண்டு: மெய் வந்தால் ‘ட்’ எளிதில் விழும், உயிர் வந்தால் தங்கும். ஒருவர் பேச்சில் வினைகளுக்குப் பின் ‘இட்’ போல உயிரில் தொடங்கும் சொற்களே அதிகம் வந்திருந்தால், வினையைக் காத்தது இலக்கணமா, அந்த உயிரா? வெறும் சதவீதம் இதைச் சொல்லாது. இரண்டையும் ஒருசேர வைத்து, ஒவ்வொன்றின் பங்கையும் தனியே பிரிப்பதே மாறுவிதி ஆய்வு. வில்லியம் லபோவ் 1969-இல் முன்வைத்த கருத்துக்கு 1974-இல் செடர்கிரனும் சாங்கோஃபும் புள்ளியியல் வடிவம் கொடுத்தார்கள். இன்று அதன் அடிப்படை லாஜிஸ்டிக் ரெக்ரஷன்.

அடுத்த ஒலி ஒரு காரணிக் குழு. மெய், உயிர், இடைநிறுத்தம் அதன் காரணிகள். சொல்லின் இலக்கண வகை இன்னொரு குழு. ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 1 வரை ஓர் எடை கிடைக்கும். 0.5-க்கு மேல் என்றால் ‘ட்’ விழ அது துணைபோகிறது, கீழே என்றால் தடுக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. பொதுவான வாய்ப்பு 0.30, அடுத்து மெய் வந்தால் எடை 0.75, பனிவகைச் சொல்லுக்கு 0.70, வினைக்கு 0.30 என்போம். விழுவதை விழாததால் வகுத்த விகிதங்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பனிக்கு 0.43 × 3 × 2.33, ஏறத்தாழ 3. அதாவது நான்கில் மூன்று முறை ‘ட்’ விழும். வினைக்கு 0.43 × 3 × 0.43, ஏறத்தாழ 0.55, நூற்றுக்கு 36 முறைதான்.

குழுக்களைத் தேர்வதில்தான் பிழைகள் நுழைகின்றன. ‘லாஸ்ட் டைம்’ என்பதில் முதல் ‘ட்’ ஒலித்ததா என்று காதுக்கே தெரியாது. அத்தகைய இடங்களை முதலிலேயே நீக்க வேண்டும். ஒரு காரணியில் எல்லா ‘ட்’டும் விழுந்திருந்தால் விகிதம் முடிவிலிக்குப் போய்க் கணக்கு நின்றுவிடும், அதை விலக்க வேண்டும், அல்லது மொழியியல் நியாயம் இருந்தால் இன்னொன்றோடு சேர்க்க வேண்டும். இடைநிறுத்தத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மெய்யோடு சேர்க்கக் கூடாது. நியூயார்க்கில் அது மெய்யைப்போல் ‘ட்’டை விழச்செய்தது, பிலடெல்பியாவில் காத்தது. இதையும் கண்டவர் கைதான்.

மேலும், ‘ஜஸ்ட்’ போன்ற ஒரே சொல் நூறு முறை வந்தால், அதன் தனிப்பழக்கம் அதன் இலக்கண வகையின் குணம்போல வேடமிடும். அதனால் ஆளையும் சொல்லையும் தனி வேறுபாடுகளாகச் சேர்க்கிறார்கள்:

```
glmer(drop ~ nextsound + gram + (1|speaker) + (1|word),
      family = binomial)
```

இதற்குப் பிறகும் இரண்டு ‘மிஸ்ட்’களும் விலகியே நின்றால், இலக்கணமே அந்த ‘ட்’டைக் காக்கிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கிறது.