வெளியே காய்ந்தது, உள்ளே ஈரம்: களத்தில் கெட்டுப்போகும் ஏற்காடு, கொல்லிமலை காப்பி

சேலம்:

சேலம், நாமக்கல் பக்கம் களம் என்றால் நம் ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேகோ ஆலைகளின் சிமெண்ட் களத்தில் மாவு காய்வதையும், நாமகிரிப்பேட்டையில் வேகவைத்த மஞ்சள் காய்வதையும் தினம் பார்க்கிறோம். அதேபோல மலை ஏறினால் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் களங்களில் சிவப்பாகக் காய்வது காப்பிப் பழம்.

ஏற்காட்டில் காப்பி வந்த கதை பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் 1800-களின் முற்பகுதியில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அங்கே அதிகம் விளைவது அரபிகா ரகம். பெரிய எஸ்டேட்டுகளில் பழத்தோலை உரித்து, கழுவி, 'பார்ச்மெண்ட்' கொட்டையாகக் காய வைக்கிறார்கள். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சின்ன விவசாயிக்கு மிஷினும் தண்ணீரும் கிடையாது. அவர் பழத்தை அப்படியே தோலோடு காயப்போடுகிறார். இதற்கு 'செர்ரி' என்று பெயர்.

வருஷம் முழுக்கப் பாடுபட்ட பலன் இந்தக் களத்தில் கிடக்கும் 12 முதல் 15 நாட்களில்தான் தேறும், அல்லது போகும். அது எப்படி என்று பார்ப்போம்.

100 கிலோவில் 61 கிலோ தண்ணீர்

பறித்த பழத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் ஈரம் இருக்கிறது. அதாவது 100 கிலோ பழத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது 35 கிலோதான். அரபிகா செர்ரியை 10.5 சதவீத ஈரத்துக்குக் காயவைக்க வேண்டும் என்கிறது காப்பி போர்டு. அந்தக் கணக்குப்படி 100 கிலோ பழம் காய்ந்து 39 கிலோவாக நிற்கும். 61 கிலோ தண்ணீர் களத்திலேயே ஆவியாகிப் போக வேண்டும்.

இங்கேதான் ஆசை வருகிறது. 14 சதவீத ஈரத்திலேயே மூட்டை கட்டினால் 39 கிலோவுக்குப் பதில் 40 கிலோ 700 கிராம் நிற்கும். ஒன்றரை கிலோ கூடுதல் எடைதானே, லாபம்தானே என்று தோன்றும். ஆனால் 12.5 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த ஒன்றரை கிலோ ஆசையில் மொத்த மூட்டையின் விலையும் இறங்கிவிடும்.

மீட்டரையே ஏமாற்றும் மூட்டை

ஈரமாக விற்பதைவிட மோசமானது ஏறுக்குமாறாகக் காய்ந்த சரக்கு. ஒரு விவசாயி திங்கட்கிழமை பறித்த பழத்தைக் களத்தில் பரப்புகிறார். வெள்ளிக்கிழமை பறித்ததையும், இடம் இல்லை என்று அதே களத்தில் அதன் மேலேயே கொட்டிவிடுகிறார். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி 50 கிலோ மூட்டையாகக் கட்டுகிறார்.

அந்த மூட்டையில் பாதி 7 சதவீதத்துக்குக் காய்ந்து முறுகிக் கிடக்கிறது, பாதி 14 சதவீத ஈரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி எடுத்து மீட்டரில் போட்டால் காட்டுவது சராசரி, அதாவது 10.5 சதவீதம்! பார்த்தால் அருமையான சரக்கு. உள்ளே இரண்டு பாதியுமே கோளாறு.

நாளாக ஆக ஈரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவி ஓரளவு சமமாகும். ஆனால் அதற்குள் ஈரமான கொட்டையில் பூஞ்சை பிடித்து, மூட்டையைப் பிரித்தால் மக்கிய வாடை அடிக்கும். முறுகிக் காய்ந்த கொட்டையோ தோல் உரிக்கும் மிஷினில் போட்டதும் உடைந்து நொறுங்கும். உடைந்த கொட்டைக்கு விலை கம்மி. வறுக்கும்போதும் இதே தொல்லைதான். காய்ந்தது சீக்கிரம் கருகும், ஈரமானது வறுபடாமல் நிற்கும். இரண்டையும் சேர்த்து அரைத்தால் காப்பி ஒருபக்கம் கசக்கும், ஒருபக்கம் பச்சை வாடை வீசும்.

பூஞ்சை விஷயம் வாசனையோடு முடிவதில்லை. சில பூஞ்சைகள் 'ஆக்ரடாக்சின்' என்ற நச்சை உண்டாக்கும். அது கிட்னிக்குக் கெடுதல். வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஐரோப்பிய நாடுகளில் வறுத்த காப்பிக்கு இதற்கென்றே உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2023-ம் ஆண்டு அதை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

களத்தில் என்ன செய்ய வேண்டும்?

பறித்த அன்றே பழத்தைப் பரப்பிவிட வேண்டும். சாக்கிலேயே ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிப் புளிக்க ஆரம்பிக்கும். பச்சைக்காயைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். காயும் பழமும் ஒரே வேகத்தில் காயாது.

சுமார் 8 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலக் கனத்துக்கு மேல் பரப்பக்கூடாது. பலகையால் வரப்பு வரப்பாக இழுத்துவிட்டு, மணிக்கு ஒரு தடவையாவது கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் மேல் பழம் சருகாகும், அடிப் பழம் அவிந்து புளித்துப்போகும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்து மூடி, காலையில் திரும்பப் பரப்ப வேண்டும். மார்கழிப் பனியை லேசாக நினைக்கக்கூடாது. பாதி காய்ந்த பழம் திரும்ப நனைந்தால் கொட்டை திட்டுத்திட்டாக வெளுத்துவிடும்.

முக்கியமாக, ஒவ்வொரு நாள் பறிப்பும் தனித்தனியாகக் காய வேண்டும். நடுவில் ஒரு கயிறு போட்டு, தேதி எழுதி வைத்தாலே போதும்.

மண்தரையில் காயவைத்தால் மண்வாசனை ஏறும். தார் ரோட்டில் போட்டால் தார் நாற்றமும் வண்டிப் புகையும் ஏறும். சிமெண்ட் களம் இல்லாதவர்கள் வலைப் பரண் போடலாம். இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, மேலே வலையைக் கட்டி, அதில் மெல்லிசாகப் பழத்தைப் பரப்புவதுதான். எத்தியோப்பியா, கென்யா நாடுகளில் இதுதான் வழக்கம். கீழேயிருந்தும் காற்று ஏறுவதால் மேலும் கீழும் ஒரே மாதிரி காயும். மழை வந்தால் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிவிடலாம். ஆனால் ஒரு பரணில் கொஞ்சம்தான் பிடிக்கும். நிறைய பழம் உள்ளவருக்குப் பரணும் அதிகம் வேண்டும்.

சேலத்து வெயிலில் காய்ந்தால் நல்லதா?

மலையில் மேகம் மூடிக்கிடக்கிறது, கீழே சுள்ளென்று வெயில் அடிக்கிறது, சரக்கைக் கீழே இறக்கினால் சீக்கிரம் காயுமே என்று நினைக்கலாம். சீக்கிரம் காயும் என்பது நிஜம். ஆனால் கொதிக்கும் களத்தில் மேல்பக்கம் இறுகி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். கழுவின பார்ச்மெண்டாக இருந்தால் தோலே வெடிக்கும். உச்சி வெயிலில் மூடிவைத்து, மெதுவாகக் காயவிடுவதே நல்லது.

காய்ந்தது என்று எப்படித் தெரியும்?

ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினால், உள்ளே கொட்டை கடகடவென்று ஆட வேண்டும். களத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் எடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் சத்தம் வந்து, இன்னொரு இடத்தில் வராவிட்டால் மூட்டை கட்டாதீர்கள்.

அடுத்தது எடை. ஒரே டின்னில் தலைதட்டி நிரப்பி எடை போடுங்கள். மறுநாளும் அதே டின்னில் போடுங்கள். இரண்டு நாளும் ஒரே எடை நின்றால் வேலை முடிந்தது. குறைந்திருந்தால் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டாம்.