ஆடி மாதத் தவணை: வங்கிக்கு எழுதும் கடிதமும் அதற்குள் இருக்கும் கணக்கும்

வங்கி மேலாளருக்குக் கடன் கேட்டுக் கடிதம் எழுதும் பயிற்சியை வகுப்பில் தருகிறோம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கடிதத்தின் உடல் பகுதியில் பெரும்பாலான மாணவர்கள், "கடனைத் தவறாமல் திருப்பிச் செலுத்துவேன் என உறுதி கூறுகிறேன்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு மேலாளரால் எந்த முடிவுக்கும் வர முடியாது. தவணைப் பணம் எங்கிருந்து வரும், வியாபாரம் படுத்துவிடும் மாதத்திலும் அது வருமா என்பதே அவர் அறிய விரும்புவது. தவணை நிலுவை 90 நாளைத் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன் பட்டியலில் சேர்ந்துவிடும்.

ஆரணியில் ஒரு சிறு பட்டுச் சேலை வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கச்சாப் பட்டும் ஜரிகையும் வாங்கி, சாயம் ஏற்றி, நெசவாளர் வீட்டுத் தறிக்குக் கொடுத்து, கூலி தந்து, நெய்து வரும் சேலையை விற்கிறவர். இது வகுப்புக்காக அமைத்த கணக்கு. எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அவர் இப்போது மாதம் சராசரியாக 25 சேலை விற்கிறார். ஒரு சேலைக்கு ஆகும் பட்டு, ஜரிகை, சாயம், கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய். விற்பது 6,000 ரூபாய்க்கு. ஆக மாதம் 25,000 ரூபாய் கிடைக்கிறது. கடை வாடகை, மின்சாரம், போக்குவரத்துக்கு 7,000 போக மீதி 18,000. மாணவர்கள் இதையே இலாபம் என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர் குடும்பமும் இந்தப் பணத்தில்தான் சாப்பிட வேண்டும். வீட்டுச் செலவு 14,000 போனால் கையில் நிற்பது 4,000 மட்டுமே. தவணை கட்டும் திறனை இந்த 4,000இல் இருந்துதான் கணக்கிட வேண்டும்.

அவர் 2,00,000 ரூபாய் கடன் கேட்கிறார். 2015 ஏப்ரலில் தொடங்கிய பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில், 50,000 ரூபாய்க்கு மேல் 5 இலட்சம் வரையிலான 'கிஷோர்' பிரிவில் இது அடங்கும். இதற்குச் சொத்துப் பிணை தேவையில்லை. பிணை இல்லாததால் கடிதத்தில் உள்ள கணக்குக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, 36 மாதத் தவணை என்று கொண்டால் மாதத் தவணை 6,643 ரூபாய் வரும்.

இந்தப் பணம் எத்தனை சேலையாகும்? 2,00,000ஐ 5,000ஆல் வகுத்தால் 40 சேலை. பட்டு வாங்கிய நாள் முதல் சேலை விற்று, கடனுக்கு வாங்கிய கடைக்காரரிடம் பணம் வசூலாகும் வரை நான்கு மாதம் ஆகிறது என்றால், மாதத்துக்கு 10 சேலைதான் கூடும். 40 என்று எழுதிவிடுவது மாணவர்கள் செய்யும் பெரிய பிழை. பணம் ஒரு சுற்றுச் சுற்றி வர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாலே அவர்கள் அதைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

இனி மாதம் 35 சேலை. கிடைப்பது 35,000. கடைச் செலவு சற்றுக் கூடி 8,000, வீட்டுச் செலவு 14,000. மீதி 13,000. தவணை கட்டிய பிறகும் 6,357 ரூபாய் மிஞ்சும். 13,000ஐ 6,643ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.96 வருகிறது. அதாவது தவணையைப் போல் இரு மடங்கு பணம் கையில் இருக்கிறது. வங்கிகள் இந்த விகிதத்தைத்தான் பார்க்கின்றன. அது 1க்கு மிக அருகில் இருந்தால் சிறு சரிவையும் வியாபாரம் தாங்காது.

ஆனால் இந்தச் சராசரி இரண்டு உண்மைகளை மறைக்கிறது. ஒன்று, முதல் நான்கு மாதம் புதிய சேலையில் இருந்து ஒரு ரூபாயும் வராது. அப்போது கையில் இருப்பது பழைய 4,000தான், தவணையோ 6,643. எனவே அந்த மாதங்களில் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்க வேண்டும். வட்டி மாதம் 2,000. அதை 4,000இல் இருந்து கட்டலாம். இரண்டாவது, ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. பட்டுச் சேலை விற்பனை சரியும். அந்த இரு மாதமும் 15 சேலை, மற்ற பத்து மாதம் 39 சேலை என்று பிரித்தாலும் ஆண்டுச் சராசரி அதே 35தான். ஆனால் ஆடியில் வரும் 15,000 கடைச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமே போதாது, 7,000 குறையும். தவணையும் சேர்ந்தால் பற்றாக்குறை 13,643. இரண்டு மாதத்துக்கு 27,286. முகூர்த்த மாதத்தில் தவணை போக 10,357 மிஞ்சும். அதில் மாதம் 3,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால் பத்து மாதத்தில் 30,000 சேர்ந்து இந்தக் குழி நிரம்பிவிடும்.

இவ்வளவும் தெரிந்தபின் கடிதத்தின் உடல் பகுதி இப்படி அமையும்:

"தற்போது மாதம் சராசரியாக 25 சேலை விற்கிறேன். கடந்த ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் கொள்முதல் ரசீதுகளும் இணைத்துள்ளேன். 2,00,000 ரூபாய் கடன் கிடைத்தால் பட்டும் ஜரிகையும் கூடுதலாக வாங்கி, மாதம் 10 சேலை அதிகம் தர முடியும். கடைச் செலவும் குடும்பச் செலவும் போக மாதம் சராசரியாக 13,000 ரூபாய் மீதியாகும். தவணை 6,643 ரூபாய். கூடுதல் 10 சேலையில் 5 மட்டுமே விற்றாலும் 8,000 ரூபாய் மீதியாகும் என்பதால் தவணை தடைபடாது. முதலீடு பணமாகத் திரும்ப நான்கு மாதம் ஆகும். அதுவரை வட்டி மட்டும் செலுத்த அனுமதி வேண்டுகிறேன். ஆடி, மார்கழித் தவணைகளுக்காக மற்ற மாதங்களில் 3,000 ரூபாய் வீதம் தனியே சேமிப்பேன்."

இதில் "உறுதி கூறுகிறேன்" என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மேலாளர் ஒவ்வொரு வரியையும் இணைப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். வியாபாரி தன் பலவீனமான மாதங்களைத் தானே முன்வந்து சொல்லியிருக்கிறார். ஆடியிலும் 35 சேலை விற்கும் என்று எழுதியிருந்தால் ஊர் அறிந்த மேலாளர் மற்ற எண்களையும் சந்தேகித்திருப்பார்.

வகுப்பில் இதை இரண்டு பாடவேளையில் நடத்தலாம். முதல் வேளையில் கணக்கு. தொடக்க வகுப்புக்குக் கூட்டலும் கழித்தலும் போதும்; வட்டிக் கணக்கு படித்த உயர்நிலை மாணவர்களுக்கும் தவணைத் தொகையை நாமே கொடுத்துவிடலாம். இரண்டாம் வேளையில் கடிதம். மாணவர்களில் ஒருவர் மேலாளராக அமர்ந்து மூன்று கேள்வி மட்டும் கேட்கட்டும்: வீட்டுச் செலவைக் கழித்தீர்களா? போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்? குறைந்தது எத்தனை சேலை விற்றால் தவணை கட்டலாம்? கடைசிக் கேள்விக்கான விடை 29. கடைச் செலவு 8,000, வீட்டுச் செலவு 14,000, தவணை 6,643 மூன்றையும் கூட்டி, ஒரு சேலைக்குக் கிடைக்கும் 1,000ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். நெசவாளர், வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்கள் குடும்பத்தின் வரவு செலவைக் கேட்க வேண்டாம். மேலே உள்ள எண்களையே பயன்படுத்துவது நல்லது.