மின்தடை நாளில் கைபேசிக்கு மின்னேற்றம்

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கிளியூர் போன்ற மலையூர்களில் இத்தகைய நாட்களில் மின்சாரம் தடைப்படின், கைபேசிக்கு உயிரூட்டக் கார், மடிக்கணினி, சூரிய ஒளித் தகடு ஆகிய மூன்றையே நாடுகிறோம். இவை எந்த அளவு கைகொடுக்கும்?

கைபேசியின் பாட்டரி 5,000 மில்லியாம்பியர்-மணி எனக் கொள்வோம். அதில் அடங்குவது ஏறத்தாழ 19 வாட்-மணி. வழியில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் நாம் அளிக்க வேண்டியது சுமார் 24. மடிக்கணினியின் பழைய வகைத் துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். முழுதும் நிரம்ப ஒன்பது, பத்து மணி நேரமாகும்! மின்தடையின்போது கணினியின் சொந்தச் சேமிப்பும் இதனால் கரைகிறது. கணினியை மூடி வைத்தால் பல வகைகளில் துளையும் உறங்கிவிடும்.

காரின் துளையில் பொருத்தும் கருவியில் '5V 2A' என அச்சிட்டிருந்தால் 10 வாட் கிடைக்கும். இரண்டரை மணி நேரம் போதும். எஞ்சினை ஓட்டாமலே மின்னேற்றலாமா என்று கேட்பர். நல்ல நிலையிலுள்ள 35 ஆம்பியர்-மணி கார் பாட்டரியில் ஏறத்தாழ 420 வாட்-மணி உண்டு. ஒரு கைபேசி கேட்பது அதில் மிகச் சிறு பங்கே. பாட்டரி பழையதாயின் மட்டும் தயங்குக. எஞ்சினைக் கிளப்பும் வேளையில் கருவியைக் கழற்றிவிடுவது நன்று. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதோ உயிருக்கே ஆபத்து. அதன் நச்சுப்புகைக்கு மணமில்லாத பகுதியும் உண்டு.

சூரிய ஒளித் தகட்டில்தான் மலைவாழ் மக்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். 10 வாட் தகடு அந்த அளவைத் தருவது நேர்வெயிலில் மட்டுமே. அடர்ந்த மூடுபனியில் அது 1 அல்லது 2 வாட்டாகச் சுருங்கும். மேகம் வந்து போகுந்தோறும் மின்னேற்றம் அறுந்து, திரை ஒளிர்ந்து, ஏறியதும் வீணாகும். ஆதலின், முதலில் பவர் பேங்கில் சேமித்து, இரவில் அதிலிருந்து கைபேசிக்கு ஏற்றுவதே தக்கது. கைபேசியைத் தகட்டோடு வெயிலில் கிடத்தலாகாது. சூடேறினால் அது தானே மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும்.

வீட்டு விளக்குக்கான '12 வோல்ட்' தகட்டின் கம்பியை நேரே கைபேசியில் இணைக்க முயல்வோரும் உளர். விளக்கோ பாட்டரியோ இணையாதபோது அத்தகடு 20 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். 5 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி இடையில் இன்றேல் கைபேசி பாழாகும்.

முறையாக ஏறுகிறதா என அறிய எளிய வழியுண்டு. திரையிலுள்ள விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு அரைமணி கழித்துப் பார்ப்போம். 10 வாட் கருவியில் 20 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கணினித் துளையில் 5 கூடினாலே சரி. காரில் 5 மட்டுமே ஏறினால், கருவியைக் குறைகூறுமுன் கம்பியை மாற்றிப் பார்க்கவேண்டும். மெலிந்த, நீண்ட, மலிவுக் கம்பியிலேயே பெரும்பாலும் குறை இருக்கும்.