ஒரே படவரிசை, இரண்டு குரல்

இட்லி மாவு எப்படிப் புளிக்கிறது என்பதை ஒன்பது படங்களில் சொல்ல வேண்டும். இதுதான் நானும் அக்காவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட வேலை. அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அடுப்படியில் நின்று எப்படிப் பேசுவாரோ அப்படியே இன்ஸ்டாகிராமிலும் எழுதுவார். நான் சமையலுக்குப் பின்னால் உள்ள அறிவியலை எழுதுகிறவன். என்னுடையது பத்திரிகைத் தமிழ். இருவருக்கும் தனித்தனியே வாசகர்கள் உண்டு. இருவர் பெயரிலும் ஒரே பதிவு என்று ஆனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கேரசல் என்பது ஒரே பதிவுக்குள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசை. இன்ஸ்டாகிராம் இதை 2017இல் 10 படங்கள் வரை என்று தொடங்கியது. 2024இல் 20 வரை உயர்த்தியது. ஒருவர் பதிவைத் தயாரித்து மற்றவருக்கு அழைப்பு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்டால், இருவர் பக்கத்திலும் ஒரே பதிவு தோன்றும் ‘கொலாப்’ வசதி 2021இல் வந்தது. விருப்பங்களும் பின்னூட்டங்களும் இருவருக்கும் பொது. ஆகவே அக்காவின் பேச்சைக் கேட்க வருகிறவரும் என் விளக்கத்தைப் படிக்க வருகிறவரும் ஒரே படவரிசையின் முன் வந்து நிற்கிறார்கள்.

முதல் வரைவில் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். முதல் ஐந்து படம் எனக்கு, மீதி அக்காவுக்கு. ஐந்தாவது படத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: “நுண்ணுயிரிகள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன.” ஆறாவதில் அக்கா: “மாவு பொங்கி மேல வந்துட்டா? உடனே கரண்டிய விட்டுக் கலக்கிறாதீங்க, காத்தெல்லாம் போயிரும்.” தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான வரிகள். ஆனால் அக்காவின் மகள் தன் போனில் தள்ளிப் பார்த்தபோது, ஆறாவது படத்துக்கு வந்ததும் அவள் விரல் ஐந்துக்குத் திரும்பிப் போனது. “இது வேற பதிவாம்மா?” என்று கேட்டாள். ஒட்டு தெரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. படிக்கிறவர் பொருள் புரியாமல் பின்னால் போகவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கப் போகிறார்.

தமிழில் இந்த ஒட்டு கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. எழுதும் தமிழுக்கும் பேசும் தமிழுக்கும் இடையே வினைமுற்றே மாறுகிறது. ‘வெளியிடுகின்றன’ என்று முடிகிற வாக்கியத்தை அடுத்து ‘போயிரும்’ என்று முடிகிற வாக்கியம் வந்தால், செய்தி ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தவர் தோளைத் தொட்டு யாரோ பேச்சுக் கொடுத்ததைப் போலிருக்கும்.

இரண்டாவது முயற்சியில் ஒன்றுவிட்டு ஒன்று எழுதினோம். ஒட்டு ஒன்றாக இருந்தது எட்டாக ஆனது, அவ்வளவுதான். மூன்றாவதில் இருவர் வரிகளையும் உட்கார்ந்து சமன் செய்தோம். “மாவு பொங்கியதும் கரண்டியால் கலக்க வேண்டாம், காற்று வெளியேறிவிடும்.” இதில் தடுமாற்றம் எதுவும் இல்லை. ஆனால் அக்காவும் இதில் இல்லை, நானும் இல்லை; மசாலாப் பாக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் செய்முறை போலாகிவிட்டது. கூட்டாக எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் நின்று, நடை ஒன்றாகிவிட்டது என்று திருப்தி அடைகிறார்கள். அது தவறு என்று நினைக்கிறேன். இரண்டு பேருடைய வாசகர்களும் தேடி வந்த குரலையே எடுத்துவிட்டால், சேர்ந்து எழுதியதற்கே பொருளில்லை.

நான்காவது வரைவில்தான் வழி தெரிந்தது. குரல் மாறுவது படிக்கிறவரை உறுத்தவில்லை. எதிர்பாராத இடத்தில் மாறுவதுதான் உறுத்துகிறது. ஆகவே மாறும் இடத்தை நிலையாக்கினோம். ஒவ்வொரு படத்திலும் மேலே பெரிய எழுத்தில் அக்கா சொல்வது. ஓரத்தில் அவர் முகம், சின்ன வட்டத்துக்குள். கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் சிறிய எழுத்தில் நான் எழுதும் காரணம். மேலே அதிகபட்சம் இரண்டு வாக்கியம், கீழே இரண்டு. முதல் படத்திலேயே இரண்டு குரலும் வந்துவிடுவதால், இரண்டாவது படத்துக்குள் கண் பழகிவிடுகிறது. மேலே கேட்பது, கீழே தெரிந்துகொள்வது என்று வாசகர் தானாகவே பிரித்துக்கொள்கிறார்.

இரண்டாவது படத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருவர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போய்விட்டால், பிறகொரு முறை அதே பதிவை இன்ஸ்டாகிராம் இரண்டாவது படத்திலிருந்து காட்டுவதுண்டு. அதாவது சிலருக்கு இரண்டாவது படம்தான் வாசல். பாதிக்குப் பாதி பிரித்த வரைவில் அந்த வாசலில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் வாசகர் அங்கே வந்திருந்தால், அவர் எங்கே என்று தேடிவிட்டுப் போயிருப்பார்.

இடம் நிலையான பிறகும் சில படங்கள் ஒட்டவில்லை. அக்கா ‘புளிக்கும்’ என்றார். அதற்கு நேர் கீழே நான் ‘நொதித்தல்’ என்று எழுதியிருந்தேன். அவர் ‘கலக்கிறாதீங்க’ என்றார். நான் ‘கிளறும்போது’ என்றேன். அவர் நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று அளந்தார். நான் 4:1 விகிதம் என்றேன். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று வாசகர் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கணம்தான் சறுக்கல். அதனால் ஒரு தாளில் இருபது சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொதுவான சொல் எது என்று முடிவு செய்தோம். புளிப்பு, பொங்குவது, கலக்குவது, பசை, டம்ளர். பெரும்பாலும் அக்காவின் சொல்லையே எடுத்துக்கொண்டேன், அது எல்லார் வீட்டிலும் இருக்கும் சொல் என்பதால். சொல்லின் வேர் இருவருக்கும் ஒன்று, முடிவு மட்டும் அவரவருடையது. அவர் ‘கலக்கிறாதீங்க’ என்றால் நான் ‘கலக்கினால்’ என்று தொடங்குவேன். மேலே விட்ட சொல்லைக் கீழே பிடித்துக்கொள்வதால், கோட்டைத் தாண்டும்போது கால் இடறுவதில்லை.

நான்காவது படம் கடைசியில் இப்படி அமைந்தது. மேலே: “மாவு பொங்கி வந்ததும் அடிவரைக்கும் போட்டுக் கலக்கிறாதீங்க. மேலாப்புல எடுத்து ஊத்துங்க.” கீழே: “மாவைப் பொங்க வைப்பது, உளுந்தின் பசைக்குள் சிக்கியிருக்கும் கரியமில வாயு. அடிவரை கலக்கினால் அது வெளியேறி, இட்லி தட்டையாகும்.” பொங்குவது, அடிவரை, கலக்குவது ஆகிய மூன்றும் மேலிருந்து கீழே இறங்கியிருக்கின்றன. நடை மாறியது தெரியும். பேச்சு அறுந்ததாகத் தோன்றாது.

சொற்களைவிட எங்களை அலைக்கழித்தவை ‘நான்’, ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகிய மூன்றும்தான். இரண்டு பேர் பெயரில் வரும் பதிவில் ‘நான்’ என்றால் யார்? அக்காவின் முகம் இருக்கும் மேல்பகுதியில் மட்டும் ‘நான்’ வரலாம் என்று வைத்துக்கொண்டோம். என் பகுதியில் நானே இல்லை. மாவும் நுண்ணுயிரியும்தான் எழுவாய். ‘நாங்கள்’ என்று எழுதினால் வாசகர் வெளியே நிற்கிறார், ‘நாம்’ என்றால் உள்ளே வருகிறார். ஆகவே ‘நாங்கள்’ என்பதைப் படத்துக்குக் கீழே வரும் குறிப்பில் ஒரே ஒரு முறை, சேர்ந்து செய்ததைச் சொல்வதற்காக மட்டும் வைத்தோம். படங்களுக்குள் ‘நாம்’ மட்டும். வாசகரை இருவருமே மரியாதைப் பன்மையில் அழைப்பது என்றும் பேசிக்கொண்டோம். முந்தைய வரைவில் அக்கா ஓரிடத்தில் பாசமாக “கேட்டுக்கோ” என்று எழுதியிருந்தார். அவருடைய பக்கத்தில் அது இயல்பு. என் வாசகர்களுக்கு அவர் புதியவர் என்பதால் “கேட்டுக்கிடுங்க” என்று அவரே மாற்றினார். அந்த ‘கிடுங்க’வில் தூத்துக்குடி அப்படியே இருந்தது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்தோம். அக்காவின் வரிகளை நான் வாய்விட்டுப் படித்தேன், என்னுடையவற்றை அவர் படித்தார். சொந்த வரியைப் படிக்கும்போது நாக்கு தானாகவே மேடுபள்ளத்தைச் சரிசெய்துகொள்ளும். அடுத்தவர் வரியில் அது நடக்காது. என் வாக்கியம் ஒன்றின் நடுவில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் பதினான்கு சொற்கள். அவர் வாக்கியங்கள் எல்லாம் ஆறேழு சொல்லில் முடிகின்றன. கொச்சையோ செம்மையோ அல்ல, வாக்கியத்தின் நீளம்தான் அங்கே உறுத்தியது. அதை இரண்டாக உடைத்தேன். பிறகு முகங்களையும் கோட்டையும் எடுத்துவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் அக்காவின் மகளிடம் கொடுத்து, ஆள் மாறும் இடங்களைக் காட்டச் சொன்னோம். ஒன்பதையும் சரியாகக் காட்டினாள். ஒரு முறையும் பின்னால் போகவில்லை.

இந்தச் சோதனையெல்லாம் வெளியிடுவதற்கு முன்பே முடிய வேண்டும். குறிப்பைப் பிறகு திருத்தலாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. ஒரு படத்தை நீக்கலாம், ஆனால் எங்கள் அமைப்பில் ஒன்றை எடுத்தால் தொடர்ச்சி போய்விடும். மொத்தத்தையும் அழித்து மறுபடி போட்டால் அதுவரை வந்த பின்னூட்டங்களும் போய்விடும். முதல் படத்தின் நீள அகலம்தான் மற்ற எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் என்பதால், இருவரும் தனித்தனி அளவில் வடிவமைத்தால் ஒருவருடைய வரி ஓரத்தில் வெட்டுப்படும். 1080க்கு 1350 என்ற ஒரே அளவில், ஒரே எழுத்துருவில், ஒருவர் கையாலேயே எல்லாப் படங்களையும் செய்தோம். எழுதியது இரண்டு கை. அடுக்கியது ஒரு கை.

ஏழாவது படம் மட்டும் கடைசி வரை நின்றது. “கையால கரைச்சாத்தான் மாவு புளிக்கும்” என்று அக்கா எழுதியிருந்தார். புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் உளுந்திலேயே இருக்கின்றன. கை பட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. இதை எங்கள் வழக்கப்படி கோட்டுக்குக் கீழே எழுதினால், ஒவ்வொரு படத்திலும் துணை நின்ற குரல் திடீரென்று அவரைத் திருத்துவதாக ஆகிவிடும். அது நடையில் விழும் வேறொரு விரிசல். “சிலர் அவ்வாறு கருதுகின்றனர்” என்று மழுப்பிப் பார்த்தேன். உண்மையும் கெட்டது, என் குரலும் கெட்டது. அக்காவிடம் போனில் சொன்னேன். “இருங்க தம்பி, பாத்துருவோம்” என்றார்.

அன்று ராத்திரி ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒரே அளவு உப்புப் போட்டு, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கரைத்து, பக்கத்தில் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறார். காலையில் படத்தோடு மேல்பகுதி வந்து சேர்ந்தது: “எங்கம்மா கையாலதான் கரைப்பாங்க, நானும் அப்படித்தான். நேத்து கரண்டியால கரைச்சும் பாத்தேன், அதுவும் பொங்கிருச்சு.” கீழே நான் எழுதியது: “புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் உளுந்திலேயே இருப்பதால் இரண்டும் பொங்கும். கையால் கரைக்கும்போது உப்பு சீராகக் கரைந்துவிட்டதா என்பது விரலுக்குத் தெரியும்.”